மீசையோடு பிறந்த ஐம்பது பேர்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபிக்கும் மத்தியானச் சாப்பாட்டுக்கும் நடுவில், நான் ஐம்பது பேரைப் பெற்றெடுத்தேன். மாட்டுங்காவில். நல்ல வெளிச்சத்தில், நானூறு சாட்சிகள் முன்னிலையில். முப்பத்தொன்பது பேர் மீசையோடு பிறந்தார்கள், பதினோரு பேர் புடவையோடு. தாயும் நலம், சேய்களும் நலம். ஒரு சாக்பீஸைத் தவிர வேறு வைத்தியச் செலவு எதுவும் இல்லை.

நம்ப மாட்டீர்கள். என் பெண்டாட்டியே நம்பவில்லை. ஆனால் நடந்தது.

அறுபத்து நாலாம் வருஷம். எனக்கு ரெயில்வே ஆபீஸில் குமாஸ்தா வேலை, ஆண்டாப் ஹில்லில் குவார்ட்டர்ஸ். வானமாமலை என்று பெயர் சொன்னால் ஆபீஸில் ஒருவனுக்கும் வாயில் நுழையாது. ‘வானம்’ என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். மாட்டுங்காவில் அப்போது தமிழ் அன்பர் சபை என்று ஒன்று இருந்தது. கீழே வாசகசாலை, மேலே ஒரு கல்யாண ஹால். அந்த ஹால் எவ்வளவு பெரிசு என்றால், இந்தக் கோடியில் தாலி கட்டினால் அந்தக் கோடியில் இருப்பவனுக்கு மறுநாள்தான் தெரியவரும். உறுப்பினர் குடும்பத்துக்கு மட்டும்தான் கொடுப்பார்கள்.

அதற்கு முந்தின வருஷம்தான் தாராவிக்காரர்கள் ஐம்பது பேர் உறுப்பினரானார்கள். எல்லாம் எங்கள் திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள். தோல் பட்டறையிலும் தையல் மெஷினிலும் வேலை. சேர்த்தது உறுப்பினர் செயலாளர் பஞ்சு. பஞ்சு பாலக்காட்டுக்காரர், இன்ஷூரன்ஸ் ஆபீஸ், பெயருக்கு ஏற்ற மாதிரி மெல்லிய மனுஷர். மின்விசிறி வேகமாய்ச் சுற்றினால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொள்வார்.

அந்த ஐம்பதில் ஒருவன் சொரிமுத்து. பட்டறையில் தோல் வெட்டுகிறவன். அவன் தங்கச்சி சண்முகவடிவுக்குப் புதன்கிழமை கல்யாணம், சபை ஹாலில். பத்திரிகை அடித்தாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலியில் ரெயில் ஏறியாயிற்று. ‘மாட்டுங்கா ஹால்’ என்று பத்திரிகையில் பார்த்தபிறகுதான் மாப்பிள்ளையின் அப்பா முகத்தில் சிரிப்பே வந்தது என்று சொரிமுத்து சொல்வான்.

இந்த நேரத்தில்தான் தலைவர் தேர்தல் வந்தது.

நின்றவர்கள் இரண்டு பேர். இரும்புக்கடை கோமதிநாயகம் பிள்ளை ஒருவர். பேசவே மாட்டார், தலையை மட்டும் ஆட்டுவார். இன்னொருவர் ஜகந்நாதன். பாங்கில் கணக்கு அதிகாரி. சதவீதக் கணக்கில் அவரை மிஞ்ச பம்பாயில் ஆள் கிடையாது. டாக்ஸியில் ஏறினால் மீட்டர் அவரைப் பார்த்துத்தான் ஓடும். நல்ல மனுஷர்தான், ஆனால் தான் போட்ட கணக்கின் மேல் சொந்தப் பிள்ளை மேல் இருப்பதைவிட ஆசை.

வென்றது கோமதிநாயகம்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம். யாருக்கு எத்தனை வாக்கு என்று எண்ணிக்கையைச் சொல்ல மாட்டோம். எப்போதோ ஒருத்தருக்கு ஏழே ஏழு வாக்கு விழுந்து, அவர் வீட்டில் வாக்காளர்கள் ஒன்பது பேர் இருந்து, அந்தக் குடும்பம் என்ன பாடு பட்டது என்று நீங்களே நினைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்றிலிருந்து சதவீதமும் வித்தியாசமும் மட்டும்தான் பலகையில் எழுதுவது. நல்ல வாக்குச் சீட்டுகளை உடனே கொளுத்திவிடுவது. செல்லாத சீட்டுகளை மட்டும், யாராவது ஆட்சேபம் சொன்னால் காட்ட, உறையில் போட்டு அரக்கு வைத்து பீரோவில் வைப்பது. கையெழுத்து வாங்குகிற வழக்கமெல்லாம் கிடையாது. முகத்தைப் பார்த்துச் சீட்டுக் கொடுப்பதுதான்.

சண்டை வரக்கூடாது என்று தேர்தல் அதிகாரியாக வெளியாள் ஒருவரைப் பிடித்திருந்தோம். டாம்லே என்று ஒரு மராட்டிக்காரர், கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்டிப்பு என்றால் அப்படி ஒரு கண்டிப்பு. சுவர்க் கடிகாரம் அவரைப் பார்த்து எழுந்து நிற்கும். தமிழ் ஓர் எழுத்து தெரியாது. எண்ணி முடித்தார், பலகையில் நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார், அன்று சாயங்காலமே காசி யாத்திரைக்கு ரெயில் ஏறிவிட்டார்.

அந்த நாலு வரி இதுதான்:

விழுந்த வாக்கு 80 சதவீதம்.
செல்லாதவை 5 சதவீதம்.
வென்றவர் 55 சதவீதம்.
வித்தியாசம் 76 வாக்கு.

ஜகந்நாதன் பலகை முன்னால் நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். கண்ணை மூடினார். திறந்தார்.

“பஞ்சு, நம்ம பட்டியல்ல எத்தனை பேர்?”

“ஆயிரம்” என்றார் பஞ்சு.

“தொள்ளாயிரத்து ஐம்பதுதான் வரது. மீதி ஐம்பது பேர் எங்கேர்ந்து வந்தா?”

அவ்வளவுதான். மறுநாள் காலைக்குள் இந்தச் செய்தி மாட்டுங்காவைச் சுற்றி, செம்பூருக்குப் போய் அங்கே இருக்கிற மாமிகளைப் பார்த்துவிட்டு, தேவ்நார் வரைக்கும் போய்த் திரும்பிவிட்டது. ஐம்பது என்ற எண்ணைக் கேட்டதுமே எல்லோர் கழுத்தும் தாராவிப் பக்கம் திரும்பியது. தேர்தலுக்கு அப்புறம் பஞ்சு ஐம்பது பெயரைப் பட்டியலில் சொருகிவிட்டார் என்று பேச்சு. அந்த ஐம்பதும் போலி. பட்டியல் போலி என்றால் தேர்தலும் செல்லாது. ஞாயிற்றுக்கிழமை பொதுக்கூட்டம். ஐம்பது பெயரையும் அடிக்கத் தீர்மானம்.

பெயர் அடிபட்டால் ஹால் போச்சு.

சனிக்கிழமை சொரிமுத்து என் வீட்டுக்கு வந்தான். முகம் தோலை ஊறப்போட்ட தொட்டி மாதிரி இருந்தது.

“அண்ணாச்சி, நான் உயிரோட இருக்கேனா இல்லையான்னு பாத்துச் சொல்லுங்க.”

“ஏம்லே?”

“சபையில நான் இல்லவே இல்லன்னு சொல்லுதாக. தொட்டுப் பாருங்க. ஒரு ஐயர் கணக்குப் போட்டுப் பாத்தாராம், ஐம்பது பேரு வரலையாம். மாப்பிள்ளை வீட்டுக்காரக பாதி வழி தாண்டியிருப்பாக இந்நேரம். அவுகளை எங்கே கூட்டிட்டுப் போயி நிப்பாட்டுவேன்? தோல் காயப்போடுத முற்றத்துலயா?”

“நீங்க ஐம்பது பேரும் நேர்ல போய் நில்லுங்கலே.”

“போனோம்லா. ‘தாராவியிலேர்ந்து ஐம்பது என்ன, ஐயாயிரம் பேர் வருவா, தேர்தல் அன்னிக்கு உறுப்பினரா இருந்தாளாங்கறதுதான் கேள்வி’ன்னுட்டாரு. பட்டியலைக் காட்டினா, அதை டைப் அடிச்சதே பஞ்சு சாருங்காரு. பஞ்சு சாரு அழுதுட்டாரு அண்ணாச்சி. வேலை செய்யுத ஆம்பள அழுதா பாக்க முடியல.”

சண்முகவடிவு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அழவில்லை. “அண்ணே, கணக்குன்னா திருத்தலாம்லா?” என்று மட்டும் கேட்டாள்.

அந்த நிமிஷம் எனக்குள் ஆயிரம் யானை பிளிறியது. “நாளைக்குச் சாப்பாட்டுக்கு முன்னாடி ஐம்பது பேரையும் நானே பெத்துத் தரேன்” என்று சொல்லிவிட்டேன். எப்படி என்று எனக்கே தெரியாது. அவர்கள் போனபிறகு உட்கார்ந்து அந்த நாலு வரியை எழுதிப் பார்த்தேன். எழுதி எழுதி என் பென்சில் சீரக அளவுக்குத் தேய்ந்துவிட்டது. அப்புறம் எழுந்து நின்று தனியாகச் சிரித்தேன். என் பெண்டாட்டி விபூதி எடுக்க ஓடினாள்.

ஞாயிறு. ஹாலில் நானூறு பேர். வலது பக்கம் மாட்டுங்கா, இடது பக்கம் தாராவி, நடுவில் மின்விசிறி. கோமதிநாயகம் மேடையில் உட்கார்ந்து யாருக்காகவோ தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். பஞ்சு ஒரு தூணுக்குப் பின்னால், தூணை விட ஒல்லியாக.

ஜகந்நாதன் கரும்பலகைக்கு வந்தார்.

“வென்றவர் ஐம்பத்தஞ்சு. அப்போ தோத்தவர், அதாவது அடியேன், நாற்பத்தஞ்சு. வித்தியாசம் பத்து சதவீதம். அந்தப் பத்து சதவீதம்தான் எழுபத்தாறு வாக்கு. பத்துக்கு எழுபத்தாறுன்னா நூறுக்கு?”

“எழுநூத்தி அறுபது!” என்றது வலது பக்கம்.

“விழுந்தது எழுநூத்தி அறுபது. அது பட்டியல்ல எண்பது சதவீதம். எண்பதுக்கு எழுநூத்தி அறுபதுன்னா நூறுக்கு?”

“தொள்ளாயிரத்து ஐம்பது!”

“சுபம்” என்று சாக்பீஸைக் கீழே வைத்தார். கைதட்டலில் ஹால் கூரையிலிருந்து நாலு புறா வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பறந்தன.

நான் எழுந்தேன். “ஜகந்நாதன் சார், ரெண்டாவது வரியைத் தொடவே இல்லையே? செல்லாதவை அஞ்சு சதவீதம்?”

“அதைத் தொட வேண்டாம் ஓய். எங்க பாங்க் யூனியன் தேர்தல்ல, செல்லாத சீட்டை மேஜையிலேயே பொறுக்கிக் குப்பைத் தொட்டியில போட்டுடுவா. விழுந்ததுன்னா நல்லது மட்டும்தான். கழிச்சதை மறுபடி கழிக்கப்படாது.”

“இது பாங்க் இல்லையே சார். டாம்லே கோர்ட்டுக்காரர். கோர்ட்டில் பெட்டிக்குள் விழுந்தால் விழுந்ததுதான், நல்லதோ கெட்டதோ. மேல் வரியைப் பிடித்துத்தான் கீழ் வரி இறங்கும். பட்டியலில் எண்பது பெட்டியில் விழுந்தது. விழுந்ததில் அஞ்சு செல்லாது. செல்லுபடியானதில் ஐம்பத்தஞ்சு கோமதிநாயகம் அண்ணாச்சிக்கு.”

சாக்பீஸை எடுத்தேன். “உங்கள் எழுநூத்தி அறுபது சரி. அதில் நான் கை வைக்கவில்லை. ஆனால் அது செல்லுபடியான வாக்கு. அஞ்சு செல்லாமல் போனால் செல்லுபடி தொண்ணூற்றஞ்சு சதவீதம். தொண்ணூற்றஞ்சுக்கு எழுநூத்தி அறுபதுன்னா நூறுக்கு எண்ணூறு. பெட்டியில் விழுந்தது எண்ணூறு. அது பட்டியலில் எண்பது சதவீதம். அப்போ பட்டியல்?”

இடது பக்கம் விரலை மடக்கி எண்ணியது. அப்புறம் சொரிமுத்துதான் கத்தினான். “ஆயிரம்லா!”

வலது பக்கம் கைதட்டவில்லை. ஜகந்நாதன் சிரித்தார். “உம்ம கணக்கும் தப்பில்லை. என் கணக்கும் தப்பில்லை. டாம்லே மனசுல என்ன இருந்ததுன்னு யாருக்குத் தெரியும்? அவர் கங்கையில முங்கிண்டிருக்கார். அஞ்சு சதவீதம்கறதே சும்மா சொன்னதா இருக்கும். மாட்டுங்காக்காரன் எவன் ஓய் வாக்கை வீணடிப்பான்? எல்லாரும் படிச்சவா.”

“மனசைக் கேட்க வேண்டாம், உறையைக் கேட்போம். செல்லாத சீட்டு பீரோவில் இருக்கிறது. உங்கள் கணக்குப்படி உறைக்குள் எத்தனை இருக்கணும்?”

“எழுநூத்தி அறுபதுல அஞ்சு சதவீதம். முப்பத்தெட்டு.” யோசிக்காமல் சொன்னார், அவருக்கு யோசனையும் விடையும் ஒரே வண்டியில் வரும்.

“என் கணக்குப்படி எண்ணூறில் அஞ்சு. நாற்பது. முப்பத்தெட்டு இருந்தால் ஐம்பது பேரும் போலி, நானே தீர்மானத்துக்குக் கை தூக்குகிறேன். நாற்பது இருந்தால்?”

“இருந்தா ஐம்பது பேரும் அசல்” என்றார். “இந்தச் சபையில நான் சொல்லு மாற மாட்டேன்.”

ஒரு கல்யாணம் இரண்டே இரண்டு சீட்டில் தொங்கியது. சொரிமுத்து பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்திருந்தான். அந்த ஆள் வலியில் நெளிந்ததை அவன் கவனிக்கவே இல்லை.

“யார் எண்ணுவது?” என்று கேள்வி வந்தது. பஞ்சு வேண்டாம், நான் வேண்டாம், ஜகந்நாதன் வேண்டாம். தாராவிப் பக்கத்திலிருந்து மெஷின் தைக்கிற பேராச்சி எழுந்தாள். “அந்த ஐயரு வீட்டு அம்மாவே எண்ணட்டும். எங்களுக்கு அவுக மேல நம்பிக்கை இருக்கு. ரவிக்கைத் துணி அளக்கயில ஒரு அங்குலம் ஏமாத்த மாட்டாக, ஏமாறவும் மாட்டாக.”

ஜகந்நாதனின் சம்சாரம் ருக்கு மாமி மேடை ஏறினார். அரக்கை உடைத்தார். முதல் சீட்டை எடுத்துப் பார்த்தவர் அப்படியே நின்றார்.

“என்னடி?” என்றார் ஜகந்நாதன்.

“ஏன்னா, இதுல கோமதிநாயகத்துக்குப் பெருக்கல் குறி சரியாத்தான் போட்டிருக்கு. ஆனா மேல பிள்ளையார் சுழி போட்டிருக்கு.”

இரண்டாவது சீட்டு. சுழி. மூன்றாவது. சுழிக்குக் கீழே இரண்டு கோடு வேறு.

அப்போதுதான் எல்லோருக்கும் புரிந்தது. ஒரு குறிக்கு மேல் வேறு எந்த அடையாளம் இருந்தாலும் சீட்டு செல்லாது என்பது விதி. நம் ஆட்கள் பேப்பரும் பேனாவும் கையில் கிடைத்தால் கை தானாகச் சுழி போட்டுவிட்டுத்தான் மறு காரியம். தமிழ் தெரியாத டாம்லே அதைப் பார்த்து, காசு வாங்கினவன் போட்ட ரகசிய அடையாளம் என்று நினைத்து, ஒன்று விடாமல் உறையில் போட்டுவிட்டார். பிள்ளையாரையே செல்லாதவர் என்று அரக்கு வைத்துப் பூட்டிய ஒரே ஆள் உலகத்தில் அவர்தான்.

ஹால் குலுங்கிச் சிரித்தது. “எண்ணுடி முதல்ல” என்றார் ஜகந்நாதன்.

மாமி உரக்க எண்ணினார். பத்து. இருபது. முப்பது வந்தபோது சிரிப்பு நின்றது. முப்பத்தாறு. முப்பத்தேழு.

“முப்பத்தெட்டு.”

உறைக்குள் கையை விட்டார். வெறும் கை வெளியே வந்தது.

“அவ்வளவுதான்” என்றார் மெதுவாக.

என் வீறாப்பு மாடிப்படி இறங்கி, கீழே வாசகசாலைக்குப் போய், அங்கே ஒரு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சொரிமுத்து தலையில் கை வைத்தான். தூணுக்குப் பின்னால் பஞ்சு முழுவதுமாக மறைந்துவிட்டார். வலது பக்கத்தில் யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள்.

“நிறுத்துங்கோ!”

கத்தியது ஜகந்நாதன். மேடைக்கு ஏறி, மாமி கையிலிருந்த உறையை வாங்கினார். வாயை அகல விரித்தார். உள்ளே அரக்கு உருகி வழிந்து காய்ந்திருந்தது. அந்த அரக்கோடு ஒரு காகித மூலை துருத்திக்கொண்டிருந்தது. அவர் நின்ற இடத்திலிருந்து அவருக்கு மட்டும்தான் தெரிந்திருக்கும். பேசாமல் இருந்திருந்தால் ஐம்பது பேரும் போயிருப்பார்கள், தேர்தலும் போயிருக்கும், அவர் மறுபடி நின்றிருக்கலாம்.

நகத்தால் நெம்பினார். ஒரு சீட்டு வந்தது. அதன் பின்னால் ஒட்டிக்கொண்டு இன்னொன்று. இரண்டையும் விரித்துப் பார்த்தார். அதில் ஒன்றை மட்டும் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். காது மட்டும் சிவந்தது. அப்புறம் மடித்து மற்றவற்றோடு வைத்தார்.

“முப்பத்தொன்பது. நாற்பது” என்றார். பலகைக்குப் போய்த் தன் தொள்ளாயிரத்து ஐம்பதைத் தானே அழித்தார். “பட்டியல் ஆயிரம். பஞ்சு, இங்கே வாரும்.”

பஞ்சு வந்தார். ஜகந்நாதன் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். பஞ்சு பறந்துபோகாமல் இருக்க நான் தோளைப் பிடித்துக்கொண்டேன்.

சொரிமுத்து என்னைத் தூக்கினான். அவனிடமிருந்து பட்டறைக்காரன் ஒருவன் வாங்கினான், அவனிடமிருந்து இன்னொருவன். நான் தரையைத் தொடாமல் தாராவி வரை போனேன் என்று சொல்வார்கள். பொய். சயான் பாலத்தில் ஒரு தடவை இறக்கினார்கள், எனக்குத் தண்ணீர் கொடுக்க. சண்முகவடிவு பட்டறை வாசலில் நின்றிருந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். மூன்று நாளாய் இழுத்து வைத்திருந்த மூச்சை விட்டாள் பாருங்கள், கொடியில் காய்ந்த தோலெல்லாம் ஆடியது. அப்புறம் உள்ளே போய் எல்லோருக்கும் டீ போட்டாள்.

புதன்கிழமை கல்யாணம். ஹால் நிரம்பி மாடிப்படி நிரம்பி, தாலி கட்டிய செய்தி அன்றைக்கே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, அதுவே ஒரு சாதனை. மாட்டுங்காக்காரர்களும் வந்திருந்தார்கள். பேராச்சியும் ருக்கு மாமியும் பந்தியில் அடுத்தடுத்து உட்கார்ந்து ரவிக்கைத் துணி விலையைப் பற்றி ஊரைத் திட்டினார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். “ஐம்பது பேரைப் பெத்தேன்னு சொல்லுதீகளாமே. நாற்பது பேரு வாக்குச் சீட்டுல பிள்ளையார் சுழி போட்டாகளாமே. நான் திருநெல்வேலிக்காரன், என்கிட்டயேவா? படிச்ச ஆளுக அப்படிப் போடுவாகளா?”

“அதோ ஜகந்நாதன் சாரைக் கேளுங்க. அவர் பொய் சொல்ல மாட்டார், என் மாதிரி இல்லை” என்றேன்.

ஜகந்நாதன் பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். டம்ளரைக் கீழே வைத்தார். மாமி பக்கம் ஒரு பார்வை பார்த்தார். மாமி கேட்காத மாதிரி அப்பளத்தை நொறுக்கினார்.

“ஆத்துல மளிகைச் சாமான் எழுதினாக்கூட எனக்குச் சுழி போடாம கை ஓடாது” என்றார். “அரக்குல ஒட்டிண்டிருந்த ரெண்டுல ஒண்ணு என்னுது. எனக்கே நான் போட்ட வாக்கு.”

மாப்பிள்ளையின் அப்பாவுக்குச் சிரிக்கலாமா கூடாதா என்று தெரியவில்லை.

“நடந்தது ஓய்” என்றார் ஜகந்நாதன், இன்னொரு டம்ளர் பாயசத்துக்குக் கையை நீட்டிக்கொண்டே. “ஐம்பது பேரும் பிறந்தா. நான் பார்த்தேன்.”